டார்ச்சை அணைக்காதீர்கள்

“ராத்திரியானா சூரியன் எங்கே போகுது?”

ஒன்றாம் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் பகல் இரவுப் பாடத்தை ஆரம்பிக்கிறேன். எங்கள் பள்ளி தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வகுப்பு வாசலில் நின்று பார்த்தால் மலை தெரியும். அதனால் பாதிப் பேரின் பதில் ஒன்றுதான்: மலைக்குப் பின்னாடி. மிச்சப் பேரில் ஒருத்தி, அது தூங்கப் போயிரும் என்பாள். இன்னொருத்தன், மேகம் வந்து மூடிக்கும் என்பான். நிலா வந்ததும் சூரியன் போயிரும் என்று இரண்டையும் ஒரே வேலைக்கு மாறி மாறி வரும் காவல்காரர்கள் போலச் சொல்பவர்களும் உண்டு. போன வருஷம் ஒரு பையன் எழுந்து நின்று, “மலைக்கு அங்கிட்டு கேரளாவுக்குப் போயிரும் டீச்சர்” என்றான். அவன் அப்பா எர்ணாகுளத்தில் கட்டட வேலை பார்க்கிறார்.

இந்தப் பதில்களைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டியதில்லை. அந்த வயதுக் குழந்தை கண்ணால் பார்த்ததை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒன்று, மூன்று, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் ஸ்டெல்லா வோஸ்னியாடுவும் வில்லியம் புரூவரும் இதே கேள்வியைக் கேட்டு, 1994-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அங்கேயும் மலைதான், மேகந்தான், நிலாதான். பெரியவர்கள் பேசும் பேச்சும் இதற்குத் துணை போகிறது. பொழுது சாய்ந்தது, சூரியன் இறங்கிவிட்டது என்றுதான் நாம் எல்லோரும் பேசுகிறோம். போவதும் வருவதும் சூரியன்தான் என்று குழந்தை எடுத்துக்கொள்வது இயல்பு.

பதில்களைக் கேட்டதோடு நிறுத்தாமல் அவற்றோடு கொஞ்சம் வழக்காட வேண்டும். அந்தப் பையனிடம் கேட்டேன்: “அப்பா ராத்திரி போன் பண்ணுவாரா?”

“பண்ணுவாரு டீச்சர். நான் சாப்பிடும்போது.”

“அப்போ அப்பா இருக்கிற இடத்துல வெயில் அடிக்குதா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “இல்ல டீச்சர். அங்கயும் ராத்திரிதான். வீடியோல லைட்டுக்குக் கீழதான் அப்பா உக்காந்திருப்பாரு.”

“சூரியன் கேரளாவுக்குப் போயிருந்தா அங்கே பகலா இருக்கணுமே?”

வகுப்பே அமைதியாகிவிட்டது. ஒரு பதில் உடைந்து அடுத்த பதில் வராத அந்த இடைவெளியில் டார்ச்சை எடுத்தால் குழந்தைகள் தாங்களாகவே பார்ப்பார்கள். அதற்கு முன்பே எடுத்தால் அது வெறும் விளையாட்டுச் சாமான்.

செய்து காட்டுவதற்கு என்ன வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தப் பாடம் கெட்டுப்போவது பெரும்பாலும் சாமான்களில்தான். பந்து பளபளப்பாக இருக்கக் கூடாது. பளபளப்பான ரப்பர் பந்தில் டார்ச் வெளிச்சம் ஒரே புள்ளியாக மின்னும், குழந்தையின் கண் அந்தப் புள்ளியிலேயே நிற்கும். நான் தேங்காய் அளவுப் பந்து ஒன்றின் மேல் வெள்ளைத் தாளைச் சிறு சிறு துண்டாகக் கிழித்து மைதா பசையில் ஒட்டி, காயவைத்து வைத்திருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் டம்ளரின் வாயில் அது உட்காரும். உச்சியில் விரல் வைத்துத் திருகினால் நின்ற இடத்திலேயே திரும்பும்.

டார்ச் சின்ன வட்டமாக ஒளி பாய்ச்சுவதாக இருந்தால் பந்தின் மேல் ஒரு ரூபாய் அளவுக்குத்தான் பகல் தெரியும். பாதிப் பந்து முழுவதும் நனைவதுபோல ஒளி விழ வேண்டும். செல்போன் விளக்கு அதற்கு நல்லது. இல்லையென்றால் டார்ச்சின் கண்ணாடி மேல் எண்ணெய் தடவிய தாள் ஒன்றை ஒட்டினால் ஒளி பரவும். பந்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, புத்தகங்களை அடுக்கி, பந்தின் நடுப்பகுதி உயரத்துக்கே டார்ச்சைப் படுக்க வைக்க வேண்டும். கையில் பிடித்து மேலிருந்து அடித்தால் பந்தின் மண்டை மட்டும் பகலாகிவிடும். ஜன்னல்களைப் போர்வையால் மூடுவது எல்லோருக்கும் தோன்றும். பந்துக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருக்கக் கூடாது என்பது பலருக்குத் தோன்றாது. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இருட்டுப் பக்கத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும். நான் ஒரு கறுப்புப் புடவையைப் பின்னால் தொங்கவிடுகிறேன்.

குழந்தைகளை டார்ச்சுக்குப் பின்னால் உட்கார வைத்தால் அவர்களுக்கு வெளிச்சப் பாதி மட்டுமே தெரியும். பக்கவாட்டில் உட்கார வைக்க வேண்டும். அப்போதுதான் ஒரே பந்தில் பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் தெரியும். என் வகுப்பில் 22 பேர். மேஜைக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. டார்ச்சுக்குள் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

முதன்முதலாக இந்தப் பாடம் நடத்திய ஆண்டில் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. டார்ச்சை அடித்து, “இது பகல்” என்றேன். டார்ச்சை அணைத்து, “இது இரவு” என்றேன். குழந்தைகள் உற்சாகமாகக் கூவினார்கள். நானும் பாடம் நன்றாகப் போனதாக நினைத்தேன். அடுத்த நாள் ஒரு சிறுமி வரைந்து கொண்டுவந்த படத்தில் சூரியனுக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. அவள் மேல் குற்றமில்லை, நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் வரைந்திருந்தாள். அன்றிலிருந்து இந்தப் பாடம் முடியும்வரை டார்ச்சை ஒருமுறைகூட அணைப்பதில்லை. அசைப்பதும் இல்லை. டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு பந்தைச் சுற்றி நடந்தாலும் பந்தில் பகலும் இரவும் சரியாகவே வந்து போகும். ஆனால் சூரியன்தான் நம்மைச் சுற்றி வருகிறது என்று குழந்தை முன்பே நினைத்திருந்ததற்கு நாமே சாட்சி சொன்னதாகிவிடும். அசைவது பந்து மட்டுமே.

பந்தின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுகிறேன். “இதுதான் நம்ம ஊர்.” பொட்டை டார்ச்சுக்கு நேராக வைத்து, இப்போது நம் ஊரில் என்ன நேரம் என்று கேட்கிறேன். “மத்தியானம்!” பிறகு விரலால் மெதுவாக, மிக மெதுவாகத் திருப்புகிறேன். டார்ச் பக்கமிருந்து பார்த்தால் பொட்டு இடமிருந்து வலமாக நகர வேண்டும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகத் திரும்புவதால் திசை இதுதான். மாற்றித் திருப்பினால் சூரியன் மேற்கே உதிக்கும். பொட்டு வெளிச்சத்தின் விளிம்புக்கு வருகிறது. பாதிப் பொட்டு தெரிகிறது, பாதி மங்குகிறது. “சாயங்காலம்!” இன்னும் கொஞ்சம் திருப்பினால் பொட்டு இருட்டுக்குள் போய்விடும். அங்கே நிறுத்திவிட்டு டார்ச்சைக் காட்டுகிறேன். “டார்ச் அணைஞ்சிருச்சா?” “இல்ல!” “டார்ச் எங்கேயாவது போச்சா?” “இல்ல!” “அப்புறம் ஏன் நம்ம ஊர் இருட்டா இருக்கு?”

இங்கே அவசரப்படக் கூடாது. ஒரு நிமிடம்கூடக் காத்திருந்திருக்கிறேன். யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். போன வருஷம் சொன்னவள் அதிகம் பேசாத ஒரு பெண். “பந்தே மறைக்குது டீச்சர்.” அவ்வளவுதான் விஷயம். இரவு என்பது எங்கிருந்தோ வந்து மூடுவதில்லை. நாம் நிற்கும் பூமியே வெளிச்சத்தை நமக்கு மறைக்கிறது. வெயிலில் நிற்பவனின் முதுகில் வெயில் படாதது போலத்தான் இதுவும். அது தன் நிழலில் தானே நிற்பது. குழந்தைகளுக்கு நிழல் தெரியும், நிழலை மிதித்து விளையாடியிருக்கிறார்கள். அதனால், “பந்தோட நிழல்ல நம்ம ஊர் மாட்டிக்கிட்டு இருக்கு” என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.

தொடர்ந்து திருப்பினால் பொட்டு மறுவிளிம்பில் எட்டிப் பார்க்கும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பாதி வகுப்புதான் அதை முதலில் பார்க்கும். அவர்கள் “விடிஞ்சிருச்சு!” என்று கத்த, இந்தப் பக்கத்தார் எழுந்து ஓடுவார்கள். அதற்காகவே இடம் மாற்றி உட்கார வைத்து இன்னொரு முறை செய்கிறேன். ஒரு முழுத் திருப்பம் ஒரு நாள். பிறகு பந்தின் பின்பக்கத்தில் நீலப் பொட்டு ஒன்றை ஒட்டுகிறேன். என் அக்கா மகள் சிகாகோவில் இருக்கிறாள். காலை பத்தரைக்கு வகுப்பிலிருந்து அவளை வீடியோவில் அழைத்தால் அங்கே இரவு 11 மணியோ 12 மணியோ ஆகியிருக்கும், குளிர்காலமா கோடையா என்பதைப் பொறுத்து. அவள் போனை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள். வெளியே இருட்டு. நம் ஜன்னலில் வெயில். சிவப்புப் பொட்டு வெளிச்சத்தில் இருக்கும்போது நீலப் பொட்டு எங்கே என்று ஒருவன் தானாக ஓடிப்போய்ப் பந்துக்குப் பின்னால் பார்த்தான்.

இதே இடத்தில்தான் நான் எதிர்பார்க்காத கேள்வியும் வந்தது. “நாம பந்துக்கு உள்ளயா டீச்சர் இருக்கோம்?” இது எங்கள் ஊர்க் குழந்தைக்கு மட்டும் வரும் குழப்பமில்லை. அதே ஆய்வாளர்கள் ஹைதராபாத் குழந்தைகளிடமும் பேசி 1996-இல் எழுதியிருக்கிறார்கள். பூமி தண்ணீர் மேல் மிதக்கிறது என்று அங்கே பலர் நம்பினார்கள். பூமி உருண்டை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்ட குழந்தைகளில் சிலர், நாம் அந்த உருண்டைக்குள் தட்டையான தரையில் இருப்பதாக எண்ணிக்கொள்வதையும் இவர்களுடைய முந்தைய ஆய்வு காட்டியது. கால் வைக்கும் தரை தட்டையாக இருக்கிறது, டீச்சர் உருண்டை என்கிறார். இரண்டையும் சேர்க்கக் குழந்தை கண்ட வழி அது. பொட்டு மட்டும் ஒட்டினால் இந்தக் குழப்பம் தெரியாமலே போய்விடும், ஏனென்றால் பொட்டுக்கு உள்ளும் இல்லை வெளியும் இல்லை. அதனால் இப்போது பொட்டின் மேல் களிமண்ணால் ஒரு சுண்டுவிரல் நக அளவு ஆள் செய்து நிறுத்துகிறேன். அவன் கால் பந்தைத் தொடும். தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவன் இருட்டுக்குள் போகும்போது தலைதான் கடைசியாக மங்கும், அதைப் பார்க்கக் குழந்தைகளுக்கு அலுப்பதே இல்லை.

அடுத்த சிக்கல் நம் மொழியில் இருக்கிறது. தமிழில் ‘சுற்றுகிறது’ என்ற ஒரே சொல் இரண்டு வேலைக்கும் வருகிறது. பம்பரமும் சுற்றுகிறது, கோயில் பிரகாரத்தில் பாட்டியும் சுற்றுகிறாள். “பூமி சுற்றுவதால் பகல் இரவு வருகிறது” என்று சொல்லிக்கொடுத்தால், பூமி சூரியனைச் சுற்றிவருவதால் இரவு வருகிறது என்று மூன்றாம் வகுப்பிலும் எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பூமி சூரியனைச் சுற்றி வர ஒரு வருஷம் ஆகும், அதற்கும் இரவுக்கும் சம்பந்தமில்லை. எனவே இந்தப் பாடத்தில் சுற்று என்ற சொல்லையே எடுப்பதில்லை. ‘தட்டாமாலை’ என்கிறேன். கையை விரித்துக்கொண்டு நின்ற இடத்தில் சுழலும் விளையாட்டு, எல்லோருக்கும் தெரியும். “பூமி தட்டாமாலை ஆடுது.” பிறகு அவர்களே ஆடுகிறார்கள்.

ஒரு பிள்ளையை டார்ச்சின் முன் நிறுத்துவேன். இடது உள்ளங்கையில் ‘கி’, வலது உள்ளங்கையில் ‘மே’ என்று சாக்பீஸால் எழுதுவேன். மூக்குதான் நம் ஊர். கைகளை விரித்தபடி, இடப்பக்கமாக மெதுவாகத் திரும்பச் சொல்வேன். முதுகு டார்ச்சுக்குத் தெரியும்போது மூக்குக்கு இரவு. இன்னும் திரும்பினால் டார்ச் முதலில் இடது கண் ஓரத்தில் தெரியும், ‘கி’ எழுதிய கைப்பக்கம். நடுவில் வந்து, வலது கண் ஓரத்தில், ‘மே’ கைப்பக்கம் மறையும். டார்ச் இருந்த இடத்தில் இருந்தபடியே கிழக்கில் உதித்து மேற்கில் மறைகிறது. “பஸ்ஸுல போகும்போது மரம் ஓடுமே, அது மாதிரி டீச்சர்!” என்று ஒருமுறை ஒரு பையன் சொன்னான். 499-இல் ஆரியபட்டர் தம் நூலில் இதே காரணத்துக்குப் படகை உதாரணம் காட்டினார். படகில் போகிறவனுக்குக் கரையில் இருப்பவை பின்னால் போவதாகத் தெரிவதுபோலத்தான், அசையாத விண்மீன்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகின்றன என்றார். அந்தப் பையனிடம் இதைச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அன்று முழுவதும் நினைவில் இருந்தது.

நிலாவை இந்தப் பாடத்துக்குள் கொண்டுவருவதில்லை. இரண்டாவது பந்தைக் காட்டியவுடன், இரவைக் கொண்டுவருவது நிலாதான் என்ற பழைய நம்பிக்கை திரும்பிவிடும். கேட்டால், காலையில் நிலா தெரியும் ஒரு நாளில் வெளியே அழைத்துப் போய்க் காட்டுவது போதும். பூமி சாய்ந்திருப்பதையும் விட்டுவிடுகிறேன். பருவங்களைப் பேசும் வகுப்பில் அதற்கு வேலை வரும். அளவு விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்வேன்: டார்ச் சின்னது, சூரியன் அப்படியில்லை. பூமி ஒரு டென்னிஸ் பந்து அளவு என்றால் சூரியன் இரண்டு மாடி வீட்டு உயரம் இருக்கும், ஏறக்குறைய 800 மீட்டர் தள்ளி இருக்கும். எங்கள் பள்ளியிலிருந்து ஊர் எல்லை அந்தத் தூரத்தில்தான், அதனால் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

இதன் பிறகுதான் தாளைக் கொடுக்கிறேன். வரையச் சொல்வது பரிசுக்காக அல்ல, தலைக்குள் என்ன பதிந்தது என்று பார்க்க. “பகலும் இரவும் வரைங்க” என்றால் எல்லோரும் ஒரே படம் வரைவார்கள்: ஒரு பாதியில் சிரிக்கும் சூரியன், மறுபாதியில் நிலாவும் நட்சத்திரமும். அது அழகான படம், ஆனால் டார்ச்சும் பந்தும் பார்க்காத குழந்தையும் அதை வரையும். எனவே “மேஜையில என்ன பாத்தீங்களோ அதை வரைங்க” என்கிறேன். டார்ச்சைத் தாளின் இடது ஓரத்தில் வரைய வேண்டும், நடுவில் வட்டம். வட்டத்தில் வெளிச்சம் படாத பக்கத்தைக் கறுப்பாக்க வேண்டும். பகலில் ஒரு சிவப்புப் புள்ளி, இரவில் ஒரு நீலப் புள்ளி.

டார்ச்சுக்கு இடம் குறித்துக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சூரியனை வரையச் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளை எப்போதும் தாளின் மேல் மூலையில்தான் வரையும். பிறகு வட்டத்தின் எந்தப் பக்கம் கறுப்பாக வேண்டும் என்று அதற்கே தெரியாமல் போகும். படங்களைப் பார்க்கும்போது நான் ஒன்றை மட்டும்தான் தேடுகிறேன்: கறுப்பு டார்ச்சுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறதா? போன வருஷம் 22 படங்களில் 14-இல் இருந்தது. ஐந்தில் வட்டத்தின் கீழ்ப்பாதி கறுப்பாக இருந்தது, இருட்டு கீழேதான் இருக்கும் என்பதுபோல. அவர்களை மறுபடி மேஜைக்கு அழைத்து, கண்ணைப் பந்தின் உயரத்துக்கு வைத்துப் பார்க்கச் சொன்னேன். நால்வர் தாங்களே திருத்திக்கொண்டார்கள். மீதி மூன்று படங்களில் வட்டம் முழுவதும் கறுப்பு. கேட்டால், “ராத்திரி டீச்சர்” என்றார்கள். அந்த மூவரும் அடுத்த நாள் டம்ளர் பந்தைத் தாங்களே திருப்பினார்கள்.

வாக்கியம் எழுதுவது அதைவிடக் கடினம். பூமி, சூரியன் என்ற சொற்களில் வரும் பூ, சூ போன்ற எழுத்துகள் ஒன்றாம் வகுப்பில் எல்லோருக்கும் பழகியிருக்காது. ‘சுழல்கிறது’ இன்னும் தூரம். எழுத்துக்குப் பயந்து குழந்தை கருத்தையும் விட்டுவிடும். அதனால் முதலில் வாயால் சொல்லச் சொல்கிறேன். படத்தில் சிவப்புப் புள்ளியைத் தொட்டு, “லைட் படுது, அதனால பகல்.” நீலப் புள்ளியைத் தொட்டு, “லைட் படல, அதனால ராத்திரி.” இந்த ‘அதனால’தான் எனக்கு வேண்டும். அது வந்துவிட்டால் காரணம் புரிந்திருக்கிறது. பிறகு கரும்பலகையில் நான்கு சொற்கள் எழுதிப்போடுகிறேன்: ஒளி, பகல், இரவு, அதனால். ராத்திரியும் இரவும் ஒன்று என்பதை அப்போதுதான் சொல்கிறேன். ‘ஒளி இங்கே. அதனால் பகல்.’ ‘ஒளி இல்லை. அதனால் இரவு.’ இரண்டு வரி போதும். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையில் வட்டமிடுவதில்லை. ‘அதனல்’ என்று ஒருவன் எழுதியிருந்தால் பக்கத்தில் சரியான சொல்லை நான் எழுதிவைப்பேன். ‘பகல். இரவு.’ என்று மட்டும் எழுதிய பிள்ளையிடந்தான் திரும்ப உட்காருவேன், படத்தைக் காட்டிச் சொல்லச் சொல்வேன்.

கேரளாப் பையனின் படத்தில் நான் கேட்டபடி நீலப் புள்ளி இல்லை. வெள்ளையும் கறுப்பும் சேரும் கோட்டின் மேலேயே ஒரு சிவப்புப் புள்ளி, அதற்கு இடது பக்கம், ஒட்டினாற்போல, வெளிச்சத்துக்குள் இன்னொரு சிவப்புப் புள்ளி. கீழே ‘அப்பா பகல். நான் இரவு’ என்று எழுதியிருந்தான்.

“ராத்திரி அப்பாவுக்கும் ராத்திரிதான்னு நீதானே சொன்ன?”

“இது ராத்திரி இல்ல டீச்சர். சாயங்காலம். இப்பத்தான் எனக்கு இருட்டுது. அப்பா ‘மே’ கைப்பக்கம் இருக்காரு. அவருக்கு இன்னும் இருட்டல.”

எர்ணாகுளம் எங்களுக்கு மேற்கே ஒரு பாகை தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம் ஆகும். கடிகாரம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், ஆனால் எங்கள் ஊர் கோட்டைத் தாண்டி இருட்டுக்குள் போன பிறகும் ஏறக்குறைய நான்கு நிமிடம் அவன் அப்பாவுக்கு வெளிச்சம் மிச்சமிருக்கும். அன்று சாயங்காலம் மலைக்குப் பின்னால் சூரியன் போனதும் அப்பாவுக்கு போன் போட்டுக் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.